படத்தில் இருப்பது i-யா, 1-ஆ?

கரும்பலகையில் ஆசிரியர் எழுதிய நிரல், அழிப்பதற்கு முன் கைப்பேசியில் அவசரமாகப் பிடிக்கப்படுகிறது. பழைய வினாத்தாளின் ஓரம் மடங்கிய பக்கமும் அப்படித்தான் படமாகிறது. இரவில் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு அந்தப் படம் வந்து சேரும், கூடவே ஒரு கேள்வியும் வரும்: “இதோட டைம் காம்ப்ளெக்சிட்டி என்ன?” கணினிப் பொறியியல் படிக்கிறவர்களுக்கு இது பழக்கமான காட்சி. அஞ்சு நிமிடத்தில் மூன்று பேர் மூன்று விடை சொல்வார்கள். மூவரும் தவறாகக் கணக்குப் போட்டிருக்க வேண்டும் என்பதில்லை. படத்தை மூன்று விதமாகப் படித்திருக்கவும் கூடும்.

டைம் காம்ப்ளெக்சிட்டி என்பது ஒரு நிரல் எத்தனை விநாடி ஓடும் என்பதைச் சொல்வதல்ல. கொடுக்கும் தரவின் அளவு n பெரிதாகப் பெரிதாக, நிரல் செய்யும் படிகளின் எண்ணிக்கை எந்த வேகத்தில் பெருகுகிறது என்பதே அதன் பொருள். n இரட்டிப்பானால் வேலையும் இரட்டிப்பாகிறதா, நான்கு மடங்காகிறதா, இரண்டுக்கும் நடுவில் நிற்கிறதா? இதற்குப் பதில் சொல்ல ஒரே நேர்மையான வழி, படிகளை எண்ணுவதுதான்.

எடுத்துக்காட்டாக, படத்தில் தெரிவது இந்த ஐந்து வரிகள் என்று வைத்துக்கொள்வோம்.

```
for i = 1 to n
    j = i
    while j <= n
        d[j] = d[j] + 1
        j = j + i
```

அச்சில் பார்த்தால் ஐயமே இல்லை. கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி, கடைசி வரிசையிலிருந்து சாய்வாகப் பிடித்த படத்தில் i-யின் மேற்புள்ளி எப்போதும் தெரியாது. புள்ளி போனால் i-யும் 1-உம் ஒன்றுதான். இந்த நிரலில் அந்த ஐயம் இரண்டு இடத்தில் வரலாம். இரண்டாம் வரி `j = i`-யா, `j = 1`-ஆ? ஐந்தாம் வரி `j = j + i`-யா, `j = j + 1`-ஆ? மூன்றாவதாக இன்னொரு ஐயமும் உண்டு. இரண்டாம் வரி உண்மையிலேயே உள்ளே தள்ளி எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது அது `for` வரிக்கு மேலேயே இருந்து, யாரோ இடம் போதாமல் பக்கத்தில் செருகியதா?

பலரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எது சரியாக இருக்கும் என்று மனம் ஒன்றை எடுத்துக்கொள்கிறது, கணக்கு தொடங்கிவிடுகிறது. முதலில் ஒரு சிறிய n எடுத்து, ஒவ்வொரு வாசிப்புக்கும் உள்வரி எத்தனை முறை ஓடும் என்று கையால் எண்ணிப் பார்ப்பது நல்லது. n = 16 என்று எடுத்துக்கொள்வோம். உள்வரி என்று நான் சொல்வது `d[j] = d[j] + 1` என்ற நான்காம் வரியை.

அச்சில் உள்ளபடியே படித்தால், i = 1 ஆகும்போது j-யின் மதிப்பு 1, 2, 3 என்று 16 வரை போகிறது. உள்வரி 16 முறை ஓடுகிறது. i = 2 ஆகும்போது 2, 4, 6 என்று இரண்டிரண்டாகத் தாவி 16 வரை, 8 முறை. i = 3 ஆகும்போது 3, 6, 9, 12, 15, ஆக 5 முறை. அடுத்தது 18, அது 16-ஐத் தாண்டிவிடுவதால் லூப் நின்றுவிடுகிறது. இப்படியே போனால் i = 4-க்கு 4, i = 5-க்கு 3, i = 6, 7, 8 மூன்றுக்கும் தலா 2, 9 முதல் 16 வரை தலா 1. எல்லாவற்றையும் கூட்டினால் 50.

இப்போது இரண்டாம் வரியை `j = 1` என்று படியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் j ஒன்றிலிருந்து தொடங்கி i, i-யாகத் தாவும். மொத்தம் 61 வரும். 50 எங்கே, 61 எங்கே என்று தோன்றலாம். ஆனால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கவலை தீரும். தொடங்கும் இடம் மாறியதால் ஒவ்வொரு i-க்கும் அதிகபட்சம் ஒரு ஓட்டம்தான் கூடுகிறது. மொத்தத்தில் n-ஐ விட அதிகமாகக் கூட வழியில்லை. பின்னால் பார்க்கப்போகிற விடையை இது அசைக்காது.

ஐந்தாம் வரியை `j = j + 1` என்று படித்தால் நிலைமை வேறு. j ஒவ்வொன்றாகத்தான் நகரும். i = 1-க்கு 16, i = 2-க்கு 15, i = 3-க்கு 14 என்று குறைந்துகொண்டே வந்து, மொத்தம் 16 × 17 / 2 = 136. இரண்டு இடத்திலும் 1 என்று படித்தால் ஒவ்வொரு i-க்கும் 16 முறை, மொத்தம் 256. இவை இரண்டும் n-இன் வர்க்கத்தோடு சேர்ந்து வளர்பவை.

மூன்றாவது ஐயம்தான் எனக்கு மிகவும் சுவையானது. `j = 1` என்ற வரி `for`-க்கு வெளியே, மேலே இருந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். i = 1 ஆகும்போது j ஒன்றொன்றாக நகர்ந்து 17-ஐ அடைகிறது. உள்வரி 16 முறை ஓடியாயிற்று. அடுத்து i = 2 வருகிறது. ஆனால் j-யைத் திரும்பக் கீழே கொண்டுவர ஆளில்லை. அது 17-லேயே நிற்கிறது. `while` ஒருமுறை கேட்டுவிட்டு, இல்லை என்று திரும்பிவிடுகிறது. i = 16 வரை அதே கதைதான். மொத்தம் 16. இரண்டு லூப் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தும், வேலை n அளவில்தான் வளர்கிறது. “ரெண்டு லூப் இருக்கு, அதனால n ஸ்கொயர்” என்று கண்ணால் பார்த்தே விடை சொல்லும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆக, மூன்று ஐயங்களில் ஒன்று விடையை மாற்றாது, இரண்டு மாற்றும். படம் அனுப்பியவரிடம் திருப்பிக் கேட்க வேண்டியது அந்த இரண்டை மட்டும்தான்: ஐந்தாம் வரியின் கடைசி எழுத்து என்ன, இரண்டாம் வரி உள்ளேயா வெளியேயா.

கேட்க முடியாதபோது நிரலின் நோக்கம் சில சமயம் உதவும். அச்சில் உள்ள வடிவம் உருப்படியான ஒரு வேலையைச் செய்கிறது. i-யின் ஒவ்வொரு மடங்கிலும் போய் ஒரு எண்ணிக்கையைக் கூட்டுகிறது. எல்லாம் முடிந்த பிறகு `d[12]`-ஐப் பார்த்தால் அங்கே 6 இருக்கும். 12-ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. அதாவது இந்த நிரல் n வரையுள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் எத்தனை வகுத்திகள் என்று பட்டியல் போடுகிறது. ஐந்தாம் வரியின் கடைசி எழுத்தை மட்டும் 1 என்று படித்தால் `d[12]`-இல் 12 வந்து நிற்கும். அதற்காக யாரும் இரண்டு லூப் எழுதமாட்டார்கள். எனவே `j = i`, `j = j + i` என்ற வாசிப்புக்கே வாய்ப்பு அதிகம். ஆனால் தேர்வுக்காகவே உருவாக்கிய துண்டுகளுக்கு நோக்கம் என்று ஒன்று இருக்கவேண்டிய கட்டாயமில்லை. அங்கே இந்தத் துப்பு செல்லாது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அச்சில் உள்ள வாசிப்பையே எடுத்துக்கொண்டு, இனி கணக்கை முறையாகப் போடுவோம். ஒவ்வொரு வரியும் எத்தனை முறை நிறைவேறுகிறது?

முதல் வரியின் சோதனை n + 1 முறை. n முறை “ஆம்” என்றும், கடைசியில் ஒருமுறை “முடிந்தது” என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கடைசி ஒன்றைப் பலர் விட்டுவிடுவார்கள். இரண்டாம் வரி n முறை. நான்காம் வரி மொத்தத்தில் எத்தனை முறை ஓடுகிறதோ அதை D என்று அழைப்போம். n = 16 எனில் D = 50. ஐந்தாம் வரியும் D முறைதான். மூன்றாம் வரியின் `while` சோதனை ஒவ்வொரு i-க்கும் உள்வரியைவிட ஒன்று கூடுதலாக நடக்கிறது. ஆகவே D + n முறை. மொத்தம்:

```
(n + 1) + n + (D + n) + D + D = 3D + 3n + 1
```

n = 16 எனில் 150 + 48 + 1 = 199 படிகள். இந்த 3, 3, 1 எல்லாம் நாம் எதை ஒரு படி என்று வைத்துக்கொண்டோம் என்பதைப் பொறுத்தவை. `for`-இல் i-யைக் கூட்டுவதைத் தனிப் படியாக எண்ணினால் எண்கள் சற்று மாறும். வளர்ச்சியின் வேகம் மாறாது. அதனால்தான் எல்லாம் கடைசியில் D என்ற ஒற்றைக் கேள்வியில் வந்து நிற்கிறது.

i-க்கு உள்வரி ஓடும் எண்ணிக்கை, n-ஐ i-ஆல் வகுத்து மீதியை விட்டுவிட்டால் வரும் ஈவு. ஆகவே D என்பது n/1, n/2, n/3 என்று n/n வரையுள்ள ஈவுகளின் கூட்டுத்தொகை. இதை எப்படி மதிப்பிடுவது?

சறுக்கும் இடங்கள் இங்கே இரண்டு. ஒருவர் சொல்வார்: “உள் லூப் அதிகபட்சம் n முறை ஓடும், வெளி லூப் n முறை, பெருக்கினால் n².” இது பொய்யில்லை. D ஒருபோதும் n²-ஐத் தாண்டாது. ஆனால் i = 1 என்ற ஒரே ஒரு சுற்றில் நடப்பதை எல்லாச் சுற்றுகளுக்கும் ஏற்றிச் சொல்வதால், எல்லை மிகத் தளர்வாகப் போய்விடுகிறது. இன்னொருவர் எதிர்ப்பக்கம் போவார்: “i பெரிதாகும்போது உள் லூப் ஒருமுறைதான் ஓடுகிறது, ஆகவே மொத்தம் n.” பாதிச் சுற்றுகளுக்கு அது உண்மை. 9 முதல் 16 வரை நாமே பார்த்தோம். ஆனால் மீதிப் பாதியை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. ஒரு சுற்றின் அளவு i-யைப் பொறுத்து மாறும்போது, பெருக்கக் கூடாது. கூட்ட வேண்டும்.

கூட்டுவதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. i-யின் மதிப்புகளை இரண்டின் அடுக்குகளில் வெட்டிக் குழுக்களாகப் பிரிக்க வேண்டும். முதல் குழுவில் 1 மட்டும். அடுத்ததில் 2, 3. அதற்கடுத்து 4 முதல் 7. பிறகு 8 முதல் 15. கடைசியாக 16. ஒவ்வொரு குழுவிலும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு எண்கள், கடைசிக் குழு மட்டும் பாதியில் நின்றிருக்கலாம். உள்வரி ஓட்டங்களை இந்தக் குழுக்கள் வாரியாகக் கூட்டினால் 16, 13, 11, 9, 1 என்று வருகிறது. முதல் நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருப்பதைக் கவனியுங்கள். குழுவில் ஆட்கள் இரட்டிப்பாகிறார்கள், ஒவ்வொருவரும் செய்யும் வேலை ஏறக்குறையப் பாதியாகிறது. குழுவின் மொத்த வேலை பெரிதாக மாறுவதில்லை.

இதைக் காரணத்தோடு சொல்வோம். 4 முதல் 7 வரையுள்ள குழுவில் நான்கு எண்கள். ஒவ்வொன்றும் 4-க்குக் குறையாதவை. ஆகவே ஒவ்வொன்றின் ஈவும் n/4-ஐத் தாண்டாது. நான்கையும் கூட்டினால் n-ஐத் தாண்டாது. எந்தக் குழுவை எடுத்தாலும் இதே வாதம் பொருந்தும். ஒரு குழுவுக்கு அதிகபட்சம் n. குழுக்கள் எத்தனை? n-ஐ இரண்டால் எத்தனை முறை பாதியாக்கினால் 1 வரும் என்ற எண்ணிக்கை, அதோடு ஒன்று. அந்தப் பாதியாக்கும் எண்ணிக்கையைத்தான் இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கை, log₂ n, என்கிறோம். எனவே D ஒருபோதும் n(log₂ n + 1)-ஐத் தாண்டாது. n = 16 எனில் இது 16 × 5 = 80. நம் 50 அதற்குள் அடங்குகிறது.

மேலெல்லை கிடைத்துவிட்டது. பெரும்பாலான விடைத்தாள்கள் இங்கே நின்றுவிடும். அது போதாது என்பது என் உறுதியான எண்ணம். மேலெல்லை மட்டும் இருந்தால் “இதைவிட அதிகமில்லை” என்றுதான் சொல்லியிருக்கிறோம். n² என்று சொன்னவரும் அதைத்தான் சொன்னார். நம் எல்லை இறுக்கமானது என்று காட்ட, வேலை இதைவிடக் குறையவும் முடியாது என்று நிறுவ வேண்டும்.

மறுபடி அதே குழு. n என்பது இரண்டின் அடுக்கு என்று வைத்துக்கொள்வோம், 16-ஐப் போல. 4 முதல் 7 வரையுள்ள எண்கள் எல்லாம் 8-ஐவிடச் சிறியவை. ஆகவே ஒவ்வொன்றின் ஈவும் n/8-க்குக் குறையாது. நான்கு எண்களையும் கூட்டினால் குறைந்தது n/2. கடைசிக் குழுவைத் தவிர எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அப்படிப்பட்ட குழுக்கள் log₂ n இருக்கின்றன. எனவே D குறைந்தது (n/2) log₂ n. n = 16 எனில் 32. நம் 50 இப்போது 32-க்கும் 80-க்கும் நடுவில் இரண்டு பக்கமும் கட்டப்பட்டு நிற்கிறது. n இரண்டின் அடுக்காக இல்லாவிட்டால், அதற்குக் கீழே உள்ள நெருங்கிய அடுக்கை எடுத்துக்கொள்ளலாம். அது n-இன் பாதியை விடப் பெரியது. n குறைந்தால் D கூடாது. ஆகவே கீழெல்லை ஒரு மாறிலி மடங்குக்குள் அப்படியே நிற்கும்.

மொத்தப் படிகள் 3D + 3n + 1 என்பதில் இதைப் பொருத்தினால், n-ஐ ஒட்டி வரும் மீதி உறுப்புகள் n log n-க்கு முன்னால் சிறுத்துவிடுகின்றன. n இரண்டோ அதற்கு மேலோ இருக்கும்போது மொத்தம் 10 n log₂ n-ஐத் தாண்டாது என்று எளிதாகச் சரிபார்க்கலாம். எனவே விடை Θ(n log n).

மேலெல்லைக்கு O என்ற குறியை 1894-இல் பவுல் பாக்மன் என்ற ஜெர்மானியக் கணிதர் பயன்படுத்தினார். பின்னால் எட்மண்ட் லாண்டாவு அதைப் பரப்பினார். கணினி உலகில் சிலர் கீழெல்லைக்கும் O என்றே எழுதுவதைக் கண்ட டொனால்ட் கனூத், 1976-இல் ஒரு சிறு கட்டுரை எழுதி, கீழெல்லைக்கு Ω என்றும் இரண்டும் சேர்ந்ததற்கு Θ என்றும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். O(n²) என்று எழுதியவர் இந்த நிரலைப் பற்றிப் பொய் சொல்லவில்லை, Θ(n²) என்று எழுதினால்தான் தவறு. அந்தப் பிரிவினை இல்லாமல் இந்த வாக்கியத்தைச் சொல்லவே முடியாது.

குழுக்களாக வெட்டும் அந்த உத்தி கணினியைவிட மிகப் பழையது. 14ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த நிக்கோல் ஒரேம், 1 + 1/2 + 1/3 + … என்ற தொடர் முடிவின்றி வளரும் என்பதை இதே வெட்டலால் நிறுவினார். D-யின் மதிப்பை இன்னும் நுணுக்கமாக 1849-இல் டிரிக்லே சொன்னார்: இயல் மடக்கையை வைத்து n ln n + 0.1544 n, அதற்கு மேல் பிழை √n அளவில்தான்.

அதை நிரலை ஓட்டியே சரிபார்க்கலாம். உள்வரிக்குப் பக்கத்தில் ஓர் எண்ணியை வைத்து ஓட்டினால், n = 1,000 எனில் D = 7,069. டிரிக்லேயின் சூத்திரம் சுமார் 7,062 என்கிறது. n = 10,000 எனில் D = 93,668. n பத்து மடங்கானபோது வேலை ஏறத்தாழ 13 மடங்குதான் ஆகியிருக்கிறது. n² வளர்ச்சியாக இருந்தால் 100 மடங்கு ஆகியிருக்கும். n பத்து லட்சம் எனில் D ஒரு கோடியே 39 லட்சத்து 70 ஆயிரத்து 34. ஐந்தாம் வரி `j = j + 1` ஆக இருந்திருந்தால் அதே இடத்தில் 50,000 கோடிக்கும் மேல். விநாடிக்குப் பத்துக் கோடி முறை உள்வரியை ஓட்டும் கணினியில் முதலாவது கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும். இரண்டாவது 80 நிமிடத்தைத் தாண்டும். படத்தில் காணாமல்போன புள்ளியின் விலை அது. இப்படி ஓட்டிப் பார்ப்பது நாம் நிரலைச் சரியாகப் படித்தோமா என்று காட்டும், கூட்டல் பிழையையும் பிடிக்கும். ஆனால் ஓட்டாத n-களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அதற்கு மேலே சொன்ன குழு வாதம்தான் வேண்டும்.

இன்னும் ஒன்று படத்தின் விளிம்புக்கு வெளியே இருக்கிறது. நான்காம் வரியை ஒரே படி என்று எண்ணினோம். `d` என்பது சாதாரண வரிசை, அதாவது அர்ரே, என்றால் அது சரி. `d[j]`-ஐ நேராகத் தொட்டுவிடலாம். தொடங்கும்போது எல்லாவற்றையும் பூச்சியமாக்கும் வரி படத்தில் இல்லை, இருந்தாலும் அது n படிகள்தான், விடையை மாற்றாது. ஆனால் `d` ஒரு லிங்க்டு லிஸ்ட்டாக இருந்தால் j-ஆவது இடத்தை அடைய முதலிலிருந்து j இடங்கள் நடந்து போக வேண்டும். அப்போது i-யின் சுற்றில் உள்ள செலவு i + 2i + 3i என்று n வரை கூடி, ஏறக்குறைய n²/(2i) ஆகிறது. அதை எல்லா i-க்கும் கூட்டினால் Θ(n² log n). ஐந்து வரியில் ஒரு எழுத்தும் மாறவில்லை, விடை மட்டும் மாறிவிட்டது. ஆகவே விடைத்தாளில் நான் எழுதச் சொல்வது இப்படி: “ஐந்தாம் வரி `j = j + i` என்றும், இரண்டாம் வரி `for`-க்கு உள்ளே என்றும், `d` ஓர் அர்ரே என்றும் கொண்டால், மொத்தப் படிகள் 3D + 3n + 1. D-க்கு மேலெல்லை n(log₂ n + 1), n இரண்டின் அடுக்கு எனில் கீழெல்லை (n/2) log₂ n. ஆகவே Θ(n log n).”